ஆள் மாறிப் போன மெசேஜ்: முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது?

இரவு 10:42. “நித்யா, நாளைக்கு அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடியும், பயப்படாதீங்க. முடிஞ்சதும் ஒரு வரி போடுங்க.” அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். 10:49க்கு எடுத்துப் பார்த்தால், அந்த மெசேஜ் நிவேதாவின் சாட்டில் இருந்தது.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்கின என்பது உண்மை. இருவரையும் ஒரே டேட்டிங் ஆப்பில், இரண்டு வார இடைவெளியில்தான் தெரியும். இருவரிடமும் பேச்சு வாட்ஸ்அப்புக்கு மாறியிருந்தது. யாருக்கும் எந்த வாக்கும் கொடுத்திருக்கவில்லை. ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரியவும் தெரியாது.

அன்று நான் செய்தவை எல்லாம் பெரிய முட்டாள்தனங்கள் இல்லை. எதை முன்னால் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்பதில்தான் கோட்டை விட்டேன். அந்த வரிசையை இங்கே எழுதி வைக்கிறேன். உங்களுக்கு இப்போதுதான் நடந்திருந்தால் நேரே முதல் படிக்குப் போங்கள். இந்த வேலைக்கு நிமிடக் கணக்கு உண்டு.

## 1. ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், டிக்கைப் பாருங்கள் (30 விநாடி)

முதலில் எதையும் அழிக்காதீர்கள். போன மெசேஜை, மணியோடு சேர்த்து, ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இந்த விவகாரத்தில் உங்களிடம் இருக்கப்போகும் ஒரே ஆவணம் அதுதான். அழித்த பிறகு என்ன எழுதினோம் என்று உங்களுக்கே நினைவிருக்காது. “அம்மாவுக்கு” என்று எழுதினேனா, “அம்மாவின் இதய ஆபரேஷன்” என்றே எழுதினேனா? பிறகு மன்னிப்புக் கேட்கும்போது இந்த வித்தியாசம் தேவைப்படும். அடுத்தவரின் ரகசியம் எவ்வளவு வெளியே போயிருக்கிறது என்பதை அதை வைத்துத்தான் அளக்க முடியும்.

அடுத்து, மெசேஜின் நிலை. வாட்ஸ்அப்பில் கடிகாரக் குறி இருந்தால் அது இன்னும் உங்கள் போனை விட்டே போகவில்லை. ஒரு டிக் என்றால் போய்விட்டது, அவர் போனுக்குச் சேரவில்லை. இரண்டு சாம்பல் டிக் என்றால் சேர்ந்துவிட்டது. நீலம் என்றால் திறந்து பார்த்துவிட்டார்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சாம்பல் டிக்கைப் பார்த்து “இன்னும் படிக்கவில்லை” என்று நிம்மதி அடையாதீர்கள். பூட்டிய திரையில் நோட்டிஃபிகேஷனாக வரும்போதே முதல் இரண்டு வரி தெரிந்துவிடும். அதைப் படித்தால் டிக் நீலமாகாது. நீல டிக்கையே அணைத்து வைத்திருப்பவர்களும் உண்டு. என் மெசேஜில் முதல் சொல்லே “நித்யா”. நோட்டிஃபிகேஷனில் வேறு எது தெரியாமல் போயிருந்தாலும் அது தெரிந்திருக்கும். அதனால் இரண்டு சாம்பல் டிக் என்றால், படித்துவிட்டார் என்றே வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

## 2. அழிப்பதா, திருத்துவதா?

நான் சறுக்கிய இடம் இது. பதற்றத்தில் மெசேஜை அழுத்திப் பிடித்து, குப்பைத்தொட்டிக் குறியைத் தட்டி, கண்ணில் பட்ட முதல் வரியைத் தேர்ந்தெடுத்தேன். அது `Delete for me`. என் திரையில் மெசேஜ் மறைந்தது. அவர் திரையில் அப்படியே இருந்தது. இதற்காகவே வாட்ஸ்அப் சில விநாடிகளுக்குக் கீழே `Undo` என்று காட்டும். அதைத் தட்டினால் மெசேஜ் திரும்பி வரும். பிறகு `Delete for everyone` கொடுக்கலாம். நான் அது என்னவென்று படித்து முடிப்பதற்குள் மறைந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த மெசேஜை அழிக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது. என் பக்கத்தில்தான் அது இல்லையே. ஆகவே தட்டும் முன் அந்த வரியை ஒருமுறை முழுதாகப் படியுங்கள்.

சரி, `Delete for everyone` சரியாகக் கொடுத்துவிட்டால் முடிந்ததா? வாட்ஸ்அப் இதற்கு இரண்டு நாளுக்குச் சற்று மேல் அவகாசம் தருகிறது. ஆனால் அவர் திரையில் மெசேஜ் இருந்த இடத்தில் ஒரு மெசேஜ் நீக்கப்பட்டதாகக் குறிப்பு நிற்கும். அந்தக் குறிப்பு ஒரு கேள்வி மாதிரி. நோட்டிஃபிகேஷனில் பாதி படித்தவருக்கு அது சந்தேகத்தை இன்னும் கூட்டும். அழித்துவிட்டு ஒன்றுமே சொல்லாமல் இருப்பது, அழிக்காமல் விடுவதைவிட மோசம்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. எனக்கு அப்போது தோன்றவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய 15 நிமிடத்துக்குள் எழுத்து மெசேஜைத் திருத்தலாம். எனக்கு 10:49க்குத் தெரிந்தது. 10:57 வரை நேரம் இருந்தது. அந்த மெசேஜையே எடிட் செய்து, உள்ளே இருந்ததை எல்லாம் எடுத்துவிட்டு, “நிவேதா, இது வேறொருவருக்கு எழுதினது, தப்பா உங்களுக்கு வந்துடுச்சு. மன்னிச்சுக்கோங்க” என்று மாற்றியிருக்கலாம். மூன்றாமவரின் விஷயம் திரையிலிருந்து போய்விடும். நீக்கப்பட்டது என்ற வெற்றிடமும் இருக்காது. மெசேஜின் ஓரத்தில் திருத்தப்பட்டது என்ற சிறு அடையாளம் மட்டும் தெரியும். வாட்ஸ்அப்பில் பழைய வாசகத்தை அவர் திரும்பப் பார்க்க முடியாது. திருத்தியதற்குத் தனியாக நோட்டிஃபிகேஷன் போகாது என்பதால், அடுத்த நிமிடமே கீழே இன்னொரு வரி போடுங்கள்: “மேலே இருக்கிறதைத் திருத்தியிருக்கேன், பாருங்க.” மறைக்கவில்லை என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

மற்ற இடங்களில் கணக்கு வேறு. டெலிகிராமின் தனிச் சாட்டில் எப்போது வேண்டுமானாலும் இரு பக்கமும் அழிக்கலாம், தடயம் இருக்காது. இன்ஸ்டாகிராமிலும் அனுப்பியதைத் திரும்ப எடுக்கலாம். திருத்துவதற்கு 15 நிமிடம். ஐமெசேஜில் திரும்ப எடுக்க இரண்டே நிமிடம், திருத்த 15 நிமிடம். ஆனால் அங்கே `Edited` என்பதைத் தட்டினால் பழைய வாசகம் முழுதாக வந்து நிற்கும். அதனால் ஐமெசேஜில் இரண்டு நிமிடம் தாண்டிவிட்டால் திருத்துகிற வேலையே வேண்டாம். நேரே மூன்றாம் படிக்குப் போங்கள்.

டேட்டிங் ஆப்புக்குள்ளேயே நடந்தால்? அங்கே பல ஆப்களில் அனுப்பிய மெசேஜை அழிக்கும் வசதியே கிடையாது. காசு கட்டி மேல்திட்டத்துக்கு மாறினால் கிடைக்குமோ என்று அந்தப் பதற்றத்தில் தோன்றும். பணத்தை எடுப்பதற்கு முன் அந்தத் திட்டத்தில் என்னென்ன தருகிறார்கள் என்ற பட்டியலைப் படியுங்கள். டிண்டர் போன்றவற்றில் காசுக்குக் கிடைக்கும் `Rewind` தவறாகத் தள்ளிய ஆளின் ப்ரொஃபைலைத் திரும்பக் கொண்டுவருவதற்கு. போன மெசேஜைக் கொண்டுவருவதற்கு இல்லை. இந்த வழிகாட்டியில் உள்ள எதற்கும் ஒரு காசு செலவில்லை.

அப்புறம், அன்மேட்ச். கை தானாக அங்கே போகும். அன்மேட்ச் செய்தால் பேச்சு மொத்தமும் இரு பக்கமும் போய்விடும், உண்மைதான். ஆனால் டிண்டரில் அதைத் திரும்பப் பெற முடியாது. இன்னொரு பெண்ணின் பெயரைச் சொல்லிவிட்டு ஓடிப்போனவர் என்பதுதான் அவருக்கு மிஞ்சும். வாட்ஸ்அப்பில் பிளாக் செய்வதும் இதே ரகம்; ஏற்கெனவே சேர்ந்த மெசேஜ் பிளாக் செய்வதால் திரும்பி வராது.

## 3. மன்னிப்பு மெசேஜ்: பத்து நிமிடத்துக்குள், மூன்று வரியில்

அவர் கேட்பதற்கு முன் நீங்கள் சொல்லிவிட வேண்டும். அவர் “யார் நித்யா?” என்று கேட்ட பிறகு நீங்கள் சொல்வது எல்லாமே பதில் ஆகிவிடும், அதற்கு முன் சொன்னால்தான் அது மன்னிப்பு. அவர் விழித்திருக்கும் நேரம் என்றால் பத்து நிமிடம் என்பது என் கணக்கு. நடு இரவு, டிக் ஒன்றுதான் என்றாலும் காலை வரை காத்திருக்காதீர்கள். காலையில் போனை எடுக்கும்போது தவறான மெசேஜும் அதன் விளக்கமும் ஒன்றாகவே அவர் கண்ணில் படட்டும்.

நான் என்ன செய்தேன்? `Delete for me` கொடுத்துக் கெடுத்துவிட்டு, “சாரி, என் ஃப்ரெண்ட் என் போனை எடுத்து டைப் பண்ணிட்டான்” என்று அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: “உங்க ஃப்ரெண்டும் ‘ஒரு வரி போடுங்க’ன்னுதான் சொல்வாரா?” நான் அவருக்கும் எத்தனையோ முறை அதே சொற்களில் எழுதியிருக்கிறேன். நம் எழுத்துக்கு நம் முகம் உண்டு. நண்பன் டைப் செய்தான், தம்பி எடுத்தான், போன் தானாக மாற்றிவிட்டது என்ற மூன்று பொய்களும் இதனால்தான் நிற்பதில்லை. பெயர் மாறினதைச் சிறிய தவறாக விட்டிருக்கக் கூடியவர் அதற்கு மேல் பொய்யும் சொன்னதைத்தான் நினைவில் வைத்துக்கொள்வார்.

மெசேஜில் மூன்று விஷயம் போதும். ஒன்று, என்ன நடந்தது: இது வேறொருவருக்கானது. இரண்டு, அதில் இருந்தது அந்த வேறொருவரின் சொந்த விஷயம், அதை மறந்துவிடும்படி கேட்டுக்கொள்வது. மூன்று, அவர் கேட்க நினைப்பதற்கு வாசலைத் திறந்து வைப்பது. அன்று நான் கடைசியில் அனுப்பியது ஏறக்குறைய இதுதான்:

“நிவேதா, ஃப்ரெண்ட்னு சொன்னது பொய். பதறிட்டேன். அது நான் பேசிட்டிருக்கிற இன்னொருத்தருக்கு எழுதினது. அவங்க வீட்டு விஷயம் உங்ககிட்ட வந்தது என் தப்பு. தயவுசெய்து அதை உங்களோட வச்சுக்கோங்க. உங்களுக்கு ஏதாவது கேக்கணும்னா கேளுங்க, நேராச் சொல்றேன்.”

முதல் வாக்கியம் உங்களுக்குத் தேவைப்படக் கூடாது. மீதியைப் பெயரை மாற்றிப் பயன்படுத்தலாம். ஆனால் எங்கிருந்தோ ஒட்டி அனுப்பும்போது பெயரை இரண்டு முறை பாருங்கள். மன்னிப்பு மெசேஜிலும் தவறான பெயர் போனால் அதற்கு இந்த வழிகாட்டியில் எந்தப் படியும் இல்லை.

சேர்க்கக் கூடாதவையும் சில உண்டு. சிரிக்கும் ஸ்மைலி வேண்டாம். நீங்கள் சிரிக்கலாமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். “அவங்க எனக்கு ஒண்ணுமே இல்ல” என்று எழுதாதீர்கள். அது இல்லாத ஒருவரை மட்டம் தட்டுவது. தன்னைப் பற்றியும் இப்படித்தான் இன்னொருவரிடம் சொல்வாரோ என்று கேட்பவருக்குத் தோன்றும். ஐந்து முறை சாரி சொல்லாதீர்கள். ஒரு சாரிக்கு அவர் பதில் யோசிக்கலாம். ஐந்து சாரி வந்தால் உங்களைச் சமாதானப்படுத்துவது அவர் வேலை ஆகிவிடும்.

## 4. பதில் வரும்வரை

மன்னிப்பு போய்விட்டது. இனி கையைக் கட்டிக்கொள்ளுங்கள். நீல டிக் விழுந்து பதில் வரவில்லை என்றால் அடுத்த நாள் இதே நேரம் வரை எதுவும் அனுப்பாதீர்கள். “பாத்தீங்களா?”, “கோவமா?” என்ற இரண்டும் இந்த இடைவெளியில்தான் போகும், போகவிடாதீர்கள்.

பதில் வந்தால் பெரும்பாலும் அதில் ஒரு கேள்வி இருக்கும். எத்தனை பேரிடம் பேசுகிறீர்கள்? அவரைச் சந்தித்தாயிற்றா? இதற்கு எண்ணோடு, உள்ளபடி பதில் சொல்லுங்கள். “உங்களோட சேர்த்து ரெண்டு பேர். ரெண்டு பேரையும் இன்னும் நேர்ல பாக்கல” என்று நான் சொன்னேன். ஆனால் அந்த மற்றவரின் பெயர், ஊர், வேலை, அம்மாவுக்கு என்ன ஆபரேஷன் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லாதீர்கள். “அது அவங்க விஷயம், நான் சொல்றது சரியா இருக்காது” என்பது போதும். இங்கே நல்ல பெயர் வாங்க இன்னொருவரின் கதையைக் கொடுக்கக் கூடாது. ஒருமுறை தவறிக் கொடுத்தாகிவிட்டது. இரண்டாம் முறை தெரிந்தே கொடுப்பதாகிவிடும்.

பதிலே வரவில்லை என்றால், ஒரு நாள் கழித்து ஒரே ஒரு வரி: “பேச வேண்டாம்னா எனக்குப் புரியும். நல்லா இருங்க.” அவ்வளவுதான். அதற்கப்புறம் வேறு எண்ணிலிருந்தோ வேறு ஆப்பிலிருந்தோ தேடிப் போவது மன்னிப்புக் கேட்பது ஆகாது, தொந்தரவு.

## 5. யாருக்குப் போயிருக்க வேண்டுமோ, அவர்

நான் எழுத உட்கார்ந்ததே இந்தப் படிக்காகத்தான். அன்றிரவு ஒரு மணி வரை நிவேதாவிடம் என்ன சொல்வது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு மணிக்குத்தான் உறைத்தது: நித்யாவுக்கு அந்த மெசேஜ் போகவே இல்லை. மறுநாள் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று என்னிடம் சொல்லிவிட்டு, என்னிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லாமல் அவர் படுத்திருப்பார்.

ஆகவே முதல் வேலை, மெசேஜை உரியவருக்கு அனுப்புவது. சாட்டின் தலைப்பில் இருக்கும் பெயரைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

அடுத்து, அவர் விஷயம் வெளியே போனதை அவரிடம் சொல்வதா? இதற்கு நான் வைத்துக்கொண்ட அளவுகோல் இது: தவறாகப் போன மெசேஜில் அவர் யார் என்று கண்டுபிடிக்கக் கூடிய எதுவும் இல்லாமல், “நாளைக்கு ஆறு மணிக்குப் பார்ப்போம்” என்பது போல் இருந்தால் சொல்லத் தேவையில்லை. உடல்நலம், வீட்டுப் பிரச்சினை, பணம், முன்னாள் உறவு, முகவரி, படம், இவற்றில் ஒன்று போயிருந்தாலும் சொல்ல வேண்டும். அவர் நம்பி உங்களிடம் சொன்னது அது. ஒரே ஆப்பில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் தெரிந்தவர்களாக இருப்பதும் நடக்காத காரியம் இல்லை. அவருக்கு அது சுற்றி வளைத்து வந்து சேர்வதற்கு முன் நீங்கள் சொல்லியிருக்க வேண்டும்.

எப்போது சொல்வது? இதற்கு அவசரம் இல்லை. இங்கே பத்து நிமிடக் கணக்கு பொருந்தாது. ஆபரேஷன் நாளன்று காலையில் போய் “உங்கள் விஷயத்தை வேறு ஒருவரிடம் கொட்டிவிட்டேன்” என்று சொல்வது என் மனப்பாரத்தை அவர் தலையில் ஏற்றுவது. மூன்று நாள் கழித்து, அம்மா வீட்டுக்கு வந்த பிறகு சொன்னேன். என்ன போனது என்று சொல்ல அந்த ஸ்கிரீன்ஷாட்தான் உதவியது. அதைப் பார்த்து என் மெசேஜின் வாசகத்தை அப்படியே எழுதினேன். ஸ்கிரீன்ஷாட்டையே அனுப்பவில்லை, அதன் மேலே நிவேதாவின் பெயரும் படமும் இருந்தன. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “என் முழுப் பேர் தெரியுமா அவங்களுக்கு?” தெரியாது என்று சொல்ல முடிந்தது. “தெரிஞ்சிருக்குமோ என்னவோ” என்று சொல்லும் நிலையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கிறேன்.

## 6. மெசேஜ் சரி, பெயர் மட்டும் தவறு

இது வேறு வகை. சாட் சரியானது, ஆள் சரியானவர். ஆனால் “குட் நைட் நித்யா” என்று நிவேதாவுக்குப் போயிருக்கிறது. இதற்கு அடிக்கடி காரணம் விசைப்பலகைதான். “நி” என்று தொடங்கியதும் அதிகம் தட்டிய பெயரை அது முன்னால் வைக்கும். கட்டைவிரல் அதைத் தட்டிவிடும். திருத்தும் நேரம் இருந்தால் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, கீழே “பேரை மாத்தி எழுதிட்டேன், சாரி நிவேதா” என்று ஒரு வரி. நீட்டி முழக்க வேண்டாம்.

நேரில் உட்கார்ந்து பேசும்போது வாய் தவறினால் நேரம் இன்னும் குறைவு. சொன்ன அதே மூச்சில் திருத்துங்கள்: “நித்… நிவேதா. சாரி, பேர் மாறிடுச்சு.” பிறகு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருங்கள். அவர் கவனிக்கவில்லை என்று நினைத்துக் கடந்து போகாதீர்கள். தன் பெயர் மாறுவதைக் கவனிக்காதவர் இல்லை. சொல்லாமல் இருப்பவர்தான் உண்டு. அவர் நின்று, “யாரு அது?” என்று கேட்டால் நான்காம் படியில் சொன்ன அதே நேர்மைதான்.

ஒரு விளக்கத்தை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். தெரிந்தவர்களின் பெயரை ஏன் மாற்றிச் சொல்கிறோம் என்று டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மனம் ஆட்களை வகைவகையாகச் சேர்த்து வைக்கிறது, ஒரே வகையில் இருப்பவர்களின் பெயர்கள்தான் ஒன்றுக்கொன்று மாறுகின்றன, ஒலி ஒத்துப்போனால் இன்னும் எளிதாக மாறுகின்றன என்பது அதன் சாரம். அம்மா ஒரு பிள்ளையை அழைக்க வீட்டில் உள்ள பிள்ளைகள் பெயரை எல்லாம் சொல்லிப் பார்ப்பது இதனால்தான். அன்பில்லாததால் பெயர் மாறுவதில்லை என்று தெரிவதில் உங்களுக்கு ஆறுதல் கிடைக்கலாம். ஆனால் இதை எதிரே இருப்பவரிடம் சொல்லிப் பாருங்கள்: “உங்களையும் அவரையும் என் மனம் ஒரே வகையில் வைத்திருக்கிறது.” நான் சொல்லிப் பார்த்தேன். வேண்டாம்.

முன்னாள் காதலரின் பெயர் வந்துவிட்டால் மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பேச வேண்டியிருக்கும். “பழைய பழக்கத்தில் வந்துவிட்டது” என்பது உண்மையாகவே இருக்கும், அதைச் சொல்லலாம். அது எப்போது முடிந்தது என்று கேட்டால் மாதத்தோடு சொல்லுங்கள். மழுப்பினால் இன்னும் முடியவில்லை என்றுதான் அர்த்தமாகும்.

## 7. போனது படம் என்றால்

படத்தைத் திருத்தி வேறு படமாக்க முடியாது, அழிக்கத்தான் முடியும். அழித்தாலும் அவர் போனின் கேலரியில் ஏற்கெனவே சேமிக்கப்பட்டிருக்கலாம். அதனால் மன்னிப்போடு, “கேலரியில் இருந்தால் அங்கேயும் அழித்துவிடுங்கள்” என்று வெளிப்படையாகக் கேளுங்கள்.

அந்தரங்கப் படம் போய், வாங்கியவர் அதை வைத்து மிரட்ட ஆரம்பித்தால் இந்த வழிகாட்டியை மூடிவிடுங்கள். அது சங்கடம் இல்லை, குற்றம். பணம் கொடுக்காதீர்கள், ஒருமுறை கொடுத்தால் அடுத்த முறையும் கேட்பார்கள். சாட்டை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், ஆப்பில் புகார் கொடுங்கள், காவல்துறையிடம் போங்கள். படத்தில் இருப்பவர் 18 வயது நிரம்பியவர் என்றால் `StopNCII.org` என்ற தளத்தை அவரே பயன்படுத்தலாம். அது படத்தை எங்கும் பதிவேற்றாமல், அவர் போனிலேயே அதற்கு ஒரு எண் அடையாளம் உருவாக்கி, தன்னோடு சேர்ந்திருக்கும் தளங்களுக்கு அனுப்புகிறது. அந்தத் தளங்களில் யாராவது படத்தை ஏற்றினால் அடையாளம் கண்டு தடுக்க இது உதவும். கட்டணம் இல்லை. 18க்குக் கீழ் என்றால் அதே போன்ற சேவை `Take It Down`. மெசேஜைத் தவறாக அனுப்பியது நீங்கள், படம் இன்னொருவருடையது என்றால், ஐந்தாம் படியில் சொன்ன மூன்று நாள் இங்கே கிடையாது. அவரிடம் அந்த ஒரு மணி நேரத்துக்குள் சொல்லுங்கள்.

## 8. போனில் மாற்ற வேண்டியவை (பத்து நிமிட வேலை)

“இனி கவனமாக இருப்பேன்” என்று நானும் சொல்லிக்கொண்டேன். கவனம் இரவு பத்தரை மணிக்கு நிற்காது, அமைப்பை மாற்றுங்கள்.

வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு சாட்டுக்கும் தனி வால்பேப்பர் வைக்கலாம். நான் ஒருவருக்குக் கரும்பச்சை, ஒருவருக்கு மஞ்சள் வைத்தேன். தலைப்பில் பெயரைப் படிக்காத கண் நிறத்தைப் பார்த்துவிடுகிறது. ஜிபோர்டு விசைப்பலகை என்றால், மேலே வரும் பரிந்துரைப் பெயரை அழுத்திப் பிடித்துக் குப்பைத்தொட்டிக்கு இழுத்தால் அந்தப் பரிந்துரை போய்விடும். இரண்டு பேரின் பெயருக்கும் இதைச் செய்யுங்கள். கொஞ்ச நாள் பெயரை முழுதாகத் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும், அதுதான் நமக்கு வேண்டும்.

நோட்டிஃபிகேஷனிலிருந்தே பதில் போடும் பழக்கத்தை விடுங்கள். என் 10:42 மெசேஜ் அப்படித்தான் போனது. நித்யாவுக்காக மனதில் வாக்கியத்தைக் கோத்துக்கொண்டிருந்தபோது மேலே நிவேதாவின் நோட்டிஃபிகேஷன் இறங்கியது. “நி” என்ற எழுத்தைப் பார்த்ததும் விரல் அங்கே தட்டிவிட்டது. இரண்டு பேரின் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கினால், காண்டாக்டில் ஒருவரின் பெயருக்கு முன் ஏதாவது ஒரு குறி போட்டு வையுங்கள். ஆனால் அவர் தற்செயலாகப் பார்த்தாலும் சங்கடப்படாத குறியாக இருக்கட்டும்.

ஒரே மெசேஜை இரண்டு பேருக்கு ஒட்டி அனுப்புபவர்களுக்கு இவற்றில் எதுவும் உதவாது. அந்தப் பழக்கத்தைத்தான் விட வேண்டும்.

இருவரிடமும் பேசி முடித்த பிறகு ஒரு வேலை மிச்சம்: முதல் படியில் எடுத்த ஸ்கிரீன்ஷாட். அதில் இரண்டு பேரின் விஷயமும் ஒரே படத்தில் இருக்கிறது. கேலரியில் அழியுங்கள், பிறகு சமீபத்தில் அழித்தவை என்ற ஃபோல்டருக்குள் போய் அங்கேயும் அழியுங்கள். இல்லாவிட்டால் அது அங்கே வாரக்கணக்கில் கிடக்கும். போட்டோக்கள் தானாக மேகக் கணக்குக்குப் போகும்படி வைத்திருந்தால் அதையும் திறந்து பாருங்கள். என்னுடையது வீட்டில் எல்லோரும் பார்க்கும் டேப்லெட்டில் போய் உட்கார்ந்திருந்தது.